பிக்கப் லைனா, நிஜமான கேள்வியா: முதல் மெசேஜில் எதை அனுப்புவது?

டேட்டிங் ஆப்பில் மேட்ச் ஆகிவிட்டது, பெட்டி திறந்திருக்கிறது, என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் ஆண்கள். அவர்கள் கையில் எப்போதும் இரண்டு வரி தயாராக இருக்கும். ஒன்று எங்கிருந்தோ எடுத்த பிக்கப் லைன், இன்னொன்று வெறும் ‘ஹாய்’. இரண்டில் எது என்று கேட்கிறார்கள். பெண்களும் கேட்கிறார்கள், ஆனால் அவர்கள் கேள்வி வேறு: வரும் மெசேஜ்கள் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன, பதில் போடவே தோன்றவில்லை, தவறு என்னிடமா?

தவறு அவர்களிடம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் போட எதுவும் இல்லாத மெசேஜுக்குப் பதில் வராமல் போவது இயல்புதான். ஏன் அப்படி ஆகிறது, எதை அனுப்பினால் பேச்சு நகரும் என்பதை ஒரே ஒரு உதாரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது?

சிரிப்பு வந்ததா, கெத்தாக இருந்ததா என்பதை நான் கணக்கில் எடுக்கப் போவதில்லை. முதல் மெசேஜின் வேலை ஒன்றுதான், இரண்டாவது மெசேஜ் வர வேண்டும், அதுவும் எதிர்ப்பக்கத்திலிருந்து. அதை மனதில் வைத்து நான்கு கேள்விகள்.

முதலாவது, இதற்கு அவர் என்ன பதில் சொல்ல முடியும்? அனுப்பும் முன் நீங்களே அவர் இடத்தில் உட்கார்ந்து ஒரு பதில் எழுதிப் பாருங்கள். உங்களுக்கே வரவில்லை என்றால் அவருக்கும் வராது.

இரண்டாவது, இதே வரியை அப்படியே வேறு ஒருவருக்கு அனுப்ப முடியுமா? முடியும் என்றால், அது தனக்காக எழுதியது இல்லை என்பது அவருக்கும் உடனே தெரியும்.

மூன்றாவது, பிடிக்கவில்லை என்றால் அவர் சங்கடமில்லாமல் விலக வழி இருக்கிறதா? முன்பின் தெரியாத ஆணோடு பேசும்போது ஒரு பெண் இதை எப்போதும் உள்ளுக்குள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

நான்காவது, பதில் வந்துவிட்டால் அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள்? இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

இப்போது அந்த உதாரணம். சென்னையில் இருக்கும் ஒரு பெண், வயது 27. நான்கு புகைப்படங்கள், அதில் ஒன்றில் கழுத்தில் பைனாகுலர், காலில் சேறு, பின்னால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். கீழே ஒரு வரி: “ஞாயிறு காலை பறவை பார்க்கப் போவேன். பூநாரை வந்தால் ஆபீஸுக்கு லீவு.” இவ்வளவுதான். இது நானே உருவாக்கிய புரொஃபைல், ஆனால் இந்த மாதிரி புரொஃபைல்கள் நிறைய இருக்கின்றன. இதற்கு நான்கு விதமாக எழுதிப் பார்க்கலாம்.

## வழி 1: பிக்கப் லைன்

“நீ மனுஷியா இல்ல பறவையா? பார்த்ததும் என் மனசு பறந்துடுச்சு.”

புரொஃபைலில் இருந்த ‘பறவை’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருப்பதால் இது அவருக்காக எழுதியது போல் தெரியலாம். இல்லை. அவர் எதைப் பார்க்கிறார், ஏன் லீவு போடுகிறார் என்பது எதுவும் இதில் இல்லை. சொல்லை மட்டும் பிடித்து ஏற்கெனவே இருக்கும் அச்சில் ஊற்றியிருக்கிறது. நாய் வளர்ப்பவராக இருந்தால் நாயை வைத்து ஒன்று, சமைப்பவராக இருந்தால் உப்பை வைத்து ஒன்று வந்திருக்கும்.

அடுத்து, இதற்கு என்ன பதில் சொல்வது? எழுதிப் பாருங்கள். “ஹாஹா” என்று போடலாம். “கிரிஞ்ச்” என்று போடலாம். அவரும் ஒரு பதில் வரி யோசித்து அடிக்கலாம், அதற்கு அவருக்கு அந்த மனநிலை இருக்க வேண்டும். மொத்தத்தில் இந்த வரி அவரிடம் கேட்பது மதிப்பெண். நான் ஒன்று செய்து காட்டினேன், எப்படி இருந்தது சொல். பேச வந்தவரை அது நடுவர் நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது, அவர் மதிப்பெண் போட்டதும் அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. “ஹாஹா” வந்த பிறகு என்ன எழுதுவது என்று தெரியாமல் நிற்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அந்த “ஹாஹா”வில் பிடித்துக்கொண்டு போக எதுவுமில்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லை. 1986-ல் அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கிறிஸ் கிளெய்ன்கே தன் சகாக்களோடு சேர்ந்து, முதல் வரிகளை மூன்று வகையாகப் பிரித்து ஆண்களிடமும் பெண்களிடமும் கருத்துக் கேட்டார். சாமர்த்தியமாக, வேடிக்கையாகப் பேச முயலும் வரிகள் ஒரு வகை. சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கும் வரிகள் இன்னொரு வகை. ஆர்வத்தை நேராகச் சொல்லிவிடுவது மூன்றாவது. சாமர்த்திய வரிகளை ஆண்களைவிடப் பெண்கள் மிகவும் வெறுத்தார்கள். மூன்றாண்டு கழித்து மைக்கேல் கன்னிங்ஹாம் என்ற இன்னொரு உளவியல் ஆய்வாளர் இதையே சிகாகோ வட்டார பார்களில் நேரடியாகச் செய்து பார்த்தார், அங்கும் பெண்களிடம் மோசமாகப் போனது சாமர்த்திய வரிகள்தான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே பாரில் ஒரு பெண் போய் ஆணிடம் பேசினால், என்ன வரி என்பது பெரிதாகக் கணக்கில் வரவில்லை. எதைச் சொன்னாலும் ஆண்கள் பேசத் தயாராக இருந்தார்கள்.

பிக்கப் லைன் ஏன் இவ்வளவு காலமாகச் சாகாமல் இருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு ஆண் அந்த வரியைத் தன் காதால் கேட்டுப் பார்க்கிறான், நன்றாகத்தான் இருக்கிறது. நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறான், அங்கே சிரிப்பு ஸ்மைலிகளாகக் கொட்டுகிறது. ஆனால் அந்த குரூப்பில் இருப்பவர்கள் யாரும் அந்த வரியைப் பெறப்போவதில்லை. சோதனை நடந்த இடமே தவறு.

சரி, பெண்களுக்கு அதில் என்ன பிரச்சினை? 2010-ல் கோர்வின் செங்கோ, விவியானா ஃபைஃப் என்ற இருவரின் ஆய்வு இதைக் கொஞ்சம் தெளிவாக்கியது. வேடிக்கை வரி சொல்லும் ஆணைப் பெண்கள் கலகலப்பானவன், தன்னம்பிக்கை உள்ளவன், நகைச்சுவை தெரிந்தவன் என்றுதான் மதிப்பிட்டார்கள். ஆனால் அதே ஆளை நம்பகம் குறைந்தவன், புத்தி குறைந்தவன் என்றும் மதிப்பிட்டார்கள். அதனால் நீண்ட கால உறவு என்று வரும்போது சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்தவனையே விரும்பினார்கள். ஆக, ‘நான் ஜாலியான ஆள்’ என்று காட்ட அந்த வரி உதவத்தான் செய்கிறது, ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை நம்பிக்கை. முதல் மெசேஜில் ஒரு பெண் தேடுவது இந்த நம்பிக்கையைத்தான்.

நம் ஊரில் இதன்மேல் இன்னொரு கனம் இருக்கிறது. தமிழ்நாட்டில் வளர்ந்த பெண் ஒருத்திக்கு, அறிமுகமில்லாத ஆண் வாயிலிருந்து வரும் சாமர்த்திய வரி முதன்முதலில் கேட்டது ஆப்பில் இல்லை. பஸ் ஸ்டாப்பில், டியூஷன் போகும் தெருமுனையில், கமெண்ட் அடிப்பது என்று நாம் சொல்வோமே அதில். அப்போது பதில் சொன்னாலும் வம்பு, சொல்லாவிட்டாலும் வம்பு. 1998-ல் சென்னையில் சரிகா ஷா என்ற கல்லூரி மாணவி இப்படிப்பட்ட சீண்டலில் உயிரிழந்த பிறகுதான் இதற்கென்று தனிச் சட்டமே வந்தது. நீங்கள் நல்ல மனதோடுதான் அந்த வரியை அனுப்பியிருப்பீர்கள், ஆனால் அது போய்ச் சேரும் காது இதையெல்லாம் கேட்டுப் பழகிய காது. அதிலும் ‘நீ’ என்று ஆரம்பித்தால் சொல்லவே வேண்டாம். ‘நீங்க’ என்று எழுதுவதால் யாரும் எதையும் இழந்துவிடப் போவதில்லை.

மறைமுகச் செலவு இன்னொன்று, உங்களுக்கே. அந்த வரி வேலை செய்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் சிரித்தார், பேசினார். இப்போது அவருக்குப் பிடித்திருப்பது அந்த வரியைச் சொன்ன ஆள். நீங்கள் இயல்பில் அமைதியானவர் என்றால் இரண்டாவது, மூன்றாவது மெசேஜிலும் அந்த ஆளாகவே இருந்தாக வேண்டும். பல பேச்சுகள் மூன்றாம் நாள் காய்ந்துபோவது இதனால்தான்.

எப்போது இது சரியான தேர்வு? அவரே கேட்டிருக்கும்போது. “உங்களிடம் இருக்கும் மிக மோசமான ஜோக்கை அனுப்புங்கள்” என்று புரொஃபைலில் எழுதியிருப்பவருக்குத் தாராளமாக அனுப்பலாம், அங்கே அதுதான் அவரைப் படித்ததற்கு அடையாளம். ஏற்கெனவே பேசிப் பழகி, ஒருவரை ஒருவர் கலாய்க்கும் நிலைக்கு வந்த பிறகும் அனுப்பலாம். அப்போது அது அந்த இருவருக்குள் நடக்கும் விளையாட்டு.

## வழி 2: வெறும் ‘ஹாய்’, இல்லையென்றால் ‘சாப்டீங்களா?’

இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தப்பாகப் போகாது, யாரையும் புண்படுத்தாது, ஆனால் எல்லா வேலையையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. பேச்சை ஆரம்பிக்கும் பொறுப்பு இப்போது அவருடையது. பெட்டியில் ஏற்கெனவே இருபது ‘ஹாய்’ கிடக்கும்போது இருபத்தோராவதைத் திறக்க அவருக்குக் காரணம் கிடையாது. ஓகேகியூபிட் என்ற டேட்டிங் தளம் 2009-ல் தன் பயனர்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் மெசேஜ்களை எடுத்து எதற்கு எவ்வளவு பதில் வந்தது என்று பார்த்தபோது, ‘ஹாய்’, ‘ஹே’ போன்றவை சராசரியைவிடக் குறைவாகவே பதில் பெற்றிருந்தன.

‘சாப்டீங்களா?’ நம் மொழியில் அக்கறையான கேள்வி. அம்மா கேட்டால், நண்பன் கேட்டால் அதில் ஆயிரம் இருக்கிறது. அறிமுகமே இல்லாதவர் மதியம் மூன்று மணிக்குக் கேட்டால் ‘சாப்டேன்’ என்பதோடு கதை முடிந்தது. அந்தக் கேள்வியின் அன்பு கேட்பவரிடமிருந்து வருகிறது, அந்த ஆளையே இன்னும் தெரியாதே.

நேரில் என்றால் இந்த வழி அப்படியே தலைகீழாகிவிடும். கிளெய்ன்கே, கன்னிங்ஹாம் இருவரின் ஆய்விலும் பெண்களிடம் இதுபோன்ற சாதாரண வரிகள் நன்றாகவே எடுபட்டன. நேரில் ஒரு வணக்கத்தோடு சிரிப்பு, குரல், நிற்கும் தூரம் எல்லாம் சேர்ந்து வருகிறது, சுற்றியிருக்கும் இடமே பேசுவதற்கு விஷயம் தருகிறது. ஆப்பில் அந்த இரண்டெழுத்து மட்டும்தான் போய்ச் சேர்கிறது.

## வழி 3: நேரடிப் பாராட்டு

“உங்க கண்ணு ரொம்ப அழகா இருக்கு.”

இதில் ஒரு நேர்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். பார்த்தேன், பிடித்தது, சொல்கிறேன். நடிப்பில்லை. கன்னிங்ஹாமின் பார் ஆய்விலும் ஆர்வத்தை நேராகச் சொன்னவர்கள், சாமர்த்தியம் காட்டியவர்களைவிட நன்றாகவே வரவேற்கப்பட்டார்கள்.

ஆனால் எழுத்தில், முன்பின் தெரியாதவரிடம், உடலைப் பற்றிய பாராட்டு வேறு மாதிரி போய்ச் சேர்கிறது. ‘நன்றி’ என்பதைத் தவிர அவர் சொல்ல ஒன்றுமில்லை, ‘நன்றி’ என்றுகூடச் சொல்லத் தயங்குவார், சொன்னால் அதை அழைப்பாக எடுத்துக்கொள்வானோ என்று. விலகும் வழியும் குறுகுகிறது: பாராட்டியவருக்குப் பதில் போடாவிட்டால் ‘திமிர்’ என்று அடுத்த மெசேஜ் வந்த அனுபவம் பல பெண்களுக்கு உண்டு. ஓகேகியூபிட் கணக்கிலும் தோற்றத்தைப் புகழும் சொற்கள் இருந்த மெசேஜ்களுக்குப் பதில் குறைந்தது.

பாராட்ட வேண்டும் என்று தோன்றினால், அவர் தேர்ந்தெடுத்த ஒன்றைப் பாராட்டுங்கள். அந்தப் புரொஃபைலில் காலில் சேற்றோடு இருக்கும் படத்தை அவர் தானாகத் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கிறார். “சேத்துக்காலோட இருக்கிற போட்டோவையே போட்டிருக்கீங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சது” என்பது கண்ணைப் பற்றிய பாராட்டைவிட எவ்வளவோ மேல். ஏற்கெனவே சந்தித்துவிட்டீர்கள், இருவருக்கும் பிடித்திருக்கிறது என்றால் கண்ணைப் பற்றியும் சொல்லலாம். அப்போது அதைச் சொல்வது ஒரு தெரிந்த ஆள்.

## வழி 4: அவரைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வி

“பூநாரை வந்தா லீவுன்னு எழுதியிருக்கீங்களே, வந்திருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது போன் பண்ணிச் சொல்வாங்களா?”

இதில் அலங்காரம் எதுவுமில்லை. ஆனாலும் நான்கு கேள்விகளையும் இது தாண்டிவிடுகிறது. வேறு யாருக்கும் இதை அனுப்ப முடியாது. பதில் அவருக்கு ஏற்கெனவே தெரியும், யோசிக்கவே வேண்டாம், அதோடு அது அவர் சொல்ல ஆசைப்படும் விஷயம். லீவு போடும் அளவுக்கு ஒரு பறவையைப் பிடித்திருப்பவர், அந்தச் செய்தி தனக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதைச் சொல்லாமல் இருப்பாரா? விலகுவதும் எளிது, இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதால் அவர் எதற்கும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. அவர் என்ன சொன்னாலும் அதில் அடுத்த கேள்வி இருக்கும்.

கேள்வியின் அளவைக் கவனியுங்கள், பலரும் சறுக்குவது அங்கேதான். கேள்விதானே கேட்க வேண்டும் என்று “உங்களுக்கு ஏன் பறவைகள் பிடிக்கும்?” என்று கேட்பார்கள். அது நல்ல கேள்விதான், ஆனால் பெரியது. ஒரு பத்தி யோசித்து எழுத வேண்டும், அதுவும் தெரியாத ஒருவருக்கு. லஞ்ச் நேரத்தில் போனைப் பார்க்கும் பெண் ‘அப்புறம் எழுதலாம்’ என்று மூடி வைப்பார், அந்த அப்புறம் வராது. எப்படித் தெரியும், யார் சொல்வார்கள், முதலில் பார்த்தது எது, இப்படி ஒரு வாக்கியத்தில் பதில் முடியும் கேள்வியாக இருக்கட்டும். நீளமாகச் சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

இன்னொரு சறுக்கல், கேள்வி மாதிரி இருக்கும் பரீட்சை. “பூநாரை ஏன் சிவப்பா இருக்குன்னு தெரியுமா?” தின்னும் பாசியிலும் சின்ன இறாலிலும் இருக்கும் நிறமிதான் காரணம் என்பது அவருக்கு நிச்சயம் தெரியும், உங்களுக்கும் இப்போதுதான் தேடித் தெரிந்திருக்கும். இது அவரைப் பற்றிய ஆர்வம் இல்லை. எனக்கும் தெரியும் என்று காட்டுவது. பிக்கப் லைன் கேட்ட அதே மதிப்பெண்ணை இது வேறு வேஷத்தில் வந்து கேட்கிறது. உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேளுங்கள். தெரியாதது என்று அவருக்கும் தெரிய வேண்டும்.

மூன்றாவது சறுக்கல்தான் ஆபத்தானது, அதை நல்ல பையன்களே செய்கிறார்கள். “எந்த ஞாயிறு போவீங்க? எத்தனை மணிக்கு? தனியாவா போவீங்க?” உங்களுக்கு இது பேச்சுக் கொடுப்பது. அவருக்கு, யாரென்று தெரியாத ஆண் ஒருவன் தான் எப்போது, எங்கே, யாருடன் இருப்பேன் என்று விசாரிப்பது. இடம், நேரம், துணை, வீட்டுப் பகுதி, ஆபீஸ் பெயர் இவை எதுவும் முதல் மெசேஜில் மட்டுமல்ல, அவராகச் சொல்லும் வரை வேண்டாம். ஆர்வம் அவர் செய்யும் விஷயத்தின் மேல் இருக்கட்டும், அவர் நடமாட்டத்தின் மேல் வேண்டாம்.

இந்த வழிக்கும் செலவு உண்டு, மறைக்கப் போவதில்லை. நேரம் பிடிக்கும். ஒரு புரொஃபைலை ஒழுங்காகப் படித்து, படங்களை ஒரு தடவை பார்த்து, ஒரு கேள்வி கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகலாம், அந்த ஐந்து நிமிடத்தில் பிக்கப் லைனை முப்பது பேருக்கு ஒட்டிவிடலாம். அப்புறம், பதில் வராவிட்டால் வலி கொஞ்சம் அதிகம். கடன் வாங்கிய வரி தோற்றால் அந்த வரி தோற்றது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், நீங்களே யோசித்துக் கேட்ட கேள்விக்கு அப்படி ஒரு மறைவிடம் இல்லை. பலர் பிக்கப் லைனை விடமாட்டேன் என்று பிடித்துக்கொள்வதற்கு இதுவும் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் முப்பது பேருக்கு ஒட்டியதில் முப்பது மௌனம் வந்தால் அதிலிருந்து நீங்கள் கற்றுக்கொள்ள எதுவுமில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

## நான்கையும் பக்கத்தில் வைத்தால்

| | பதில் சொல்ல வழி | அவருக்கென்றே எழுதியதா | விலகுவது எளிதா | அடுத்த மெசேஜ் | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|---|
| பிக்கப் லைன் | சிரிக்கலாம் அல்லது முகம் சுளிக்கலாம் | இல்லை | சங்கடம்தான் | இன்னொரு வரி தேட வேண்டும் | அவரே ஜோக் கேட்டிருந்தால், பழகிய பிறகு |
| ஹாய், சாப்டீங்களா | ஒற்றைச் சொல் | இல்லை | எளிது | மறுபடி பூஜ்யத்திலிருந்து | நேரில் |
| நேரடிப் பாராட்டு | நன்றி | தோற்றத்துக்கு என்றால் அரைகுறை, தேர்வுக்கு என்றால் ஆம் | கடினம் | பெரும்பாலும் இல்லை | சந்தித்த பிறகு |
| படித்துக் கேட்கும் கேள்வி | ஒரு வாக்கியம், விரும்பினால் ஒரு கதை | ஆம் | எளிது | பதிலுக்குள்ளேயே இருக்கும் | ஏதாவது எழுதியிருக்கும் புரொஃபைல் எதற்கும் |

ஓகேகியூபிட் கணக்கு இந்தக் கடைசி வரிசைக்கும் ஒரு ஆதாரம் தருகிறது. புரொஃபைலில் குறிப்பிட்ட விஷயத்தை எடுத்துப் பேசிய மெசேஜ்கள், ‘நீங்கள் சொல்லியிருந்தீர்களே’, ‘கவனித்தேன்’ போன்ற சொற்கள் வந்த மெசேஜ்கள் நன்றாகப் பதில் பெற்றன. அது அமெரிக்காவில் அதிகம் பயன்பட்ட ஒரு தளம், காலமும் பழையது. பதில் வந்ததை மட்டும்தான் அது எண்ணியது, பேச்சு எங்கே போய் நின்றது என்பதை எண்ணவில்லை. அப்படிப் படித்து எழுதுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனமானவர்களாக இருந்து, பதில் அதற்காகவும் வந்திருக்கலாம். இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

## பதில் வந்த பிறகு

நான்காவது கேள்வி முக்கியம் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருவோம். அவர் பதில் போடுகிறார்: “வாட்ஸ்அப் குரூப் இருக்கு, யாராவது போட்டோ போடுவாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி தடவை பூநாரை பறந்து போயிருக்கும் 😭”

இங்கே மூன்று பாதை. ஒன்று, “ஓ சூப்பர். அப்புறம், எங்க வேலை பண்றீங்க?” நல்ல கேள்வியோடு ஆரம்பித்து இரண்டாவது மெசேஜில் இப்படி இன்டர்வியூவுக்குத் தாவிவிடுபவர்கள் ஏராளம். அவர் சொன்னது காதில் விழவில்லை என்று அர்த்தமாகிவிடும், முதல் கேள்வியும் ஒரு உத்திதான் போல என்ற சந்தேகம் பின்னோக்கி வரும். இரண்டு, “எனக்கும் பறவைன்னா உயிர், போன வருஷம் நான்...” என்று மேடையைப் பிடுங்குவது. மூன்றாவது, அவர் சொன்னதிலேயே நிற்பது: “ஐயோ, லீவும் போட்டுட்டுப் போய் வெறும் தண்ணியப் பார்த்துட்டு வந்திருக்கீங்களா? அப்படிப்பட்ட நாள்ல என்ன பண்ணுவீங்க, திரும்பிடுவீங்களா இல்ல வேற ஏதாவது பார்த்துட்டு வருவீங்களா?”

2017-ல் ஹார்வர்டைச் சேர்ந்த கேரன் ஹுவாங்கும் சக ஆய்வாளர்களும் இந்த வித்தியாசத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். புதிய தலைப்புக்குத் தாவும் கேள்விகளைவிட, எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு கேட்கும் தொடர் கேள்விகளே கேட்பவரைப் பிடிக்க வைத்தன. சில நிமிடங்கள் மட்டும் பேசிவிட்டு அடுத்தவரிடம் நகரும் வேகச் சந்திப்பு நிகழ்ச்சிகளின் பதிவுகளிலும், தொடர் கேள்வி அதிகம் கேட்டவர்களையே மீண்டும் சந்திக்க அதிகம் பேர் ஒப்புக்கொண்டார்கள். காரணம் எளிது, சொன்னதைக் கேட்காமல் தொடர் கேள்வி கேட்க முடியாது. அதை முன்கூட்டித் தயாரித்துக்கொண்டும் வர முடியாது.

கேள்விகளை மட்டும் அடுக்கினாலும் போலீஸ் விசாரணை ஆகிவிடும். இரண்டு மூன்று கேள்விக்கு நடுவே உங்களைப் பற்றியும் ஒன்று வைக்க வேண்டும், பெருமைக்கு இல்லை, அவரும் பிடித்துக்கொண்டு கேட்க ஏதாவது இருக்கட்டும் என்று. “எனக்குக் காக்கா, மைனா தாண்டி பெயர் தெரியாது. எங்க வீட்டு மாடியில நீலமா ஒண்ணு வந்து உட்காரும், மீன்கொத்தின்னு பக்கத்து வீட்டுத் தாத்தா சொல்றார், கடலும் ஏரியும் இல்லாத தெருவுல மீன்கொத்தி வருமா?” வரும், வெண்மார்பு மீன்கொத்தி பல்லி, பூச்சியெல்லாம் தின்னும், தண்ணீரே தேவையில்லை. அதை அவர்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

## புரொஃபைலில் ஒன்றுமே இல்லை என்றால்

மூன்று செல்ஃபி, ‘என்னிடமே கேளுங்கள்’ என்று ஒரு வரி. இந்தப் புரொஃபைலில் படிக்க எதுவுமில்லை, அதனால் வழி நான்கு முழுதாக ஓடாது. படத்தின் ஓரத்தைப் பாருங்கள். ஒரு பூனை இருந்தால் பெயரைக் கேளுங்கள், பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு கதை இருக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு நல்ல வணக்கமும் உங்களைப் பற்றி ஒரு வரியும் போதும். இல்லாத ஆர்வத்தை உருவாக்கி எழுத வேண்டாம், அது பிக்கப் லைனைவிட மோசமாகத் தெரியும். உண்மையில் கேட்க எதுவும் தோன்றவில்லை என்றால், எதற்காக மேட்ச் செய்தோம் என்று யோசிப்பது உங்களுக்கே நல்லது.

## நேரில் என்றால்

ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சி நடக்கும்போது, ஒரே அரங்கில் ஒரே தட்டின் முன்னால் நிற்கிறீர்கள். அவர் கையில் தடிமனான நாவல் ஒன்று, எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. “இவ்வளவு சின்ன எழுத்தா இருக்கே, படிக்க முடியுதுங்களா? நானும் இதை வாங்கலாமான்னு பார்க்கிறேன்.” ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிடலாம், விரும்பினால் நிற்கலாம். நகர்ந்தால் பின்னாலேயே அடுத்த அரங்குக்குப் போகாதீர்கள். ஓடும் பஸ், லிஃப்ட், ஹெட்போன் போட்டு நடப்பவர், வேலை நிமித்தமாகச் சிரித்துத்தான் ஆக வேண்டிய இடத்தில் நிற்பவர், இங்கெல்லாம் எந்த வரியும் வேண்டாம், எவ்வளவு நேர்மையான கேள்வியாக இருந்தாலும். மூன்றாவது அளவுகோலில், அதாவது விலகும் வழியில், இந்த இடங்கள் எல்லாமே தோற்றுவிடும். அறிமுகமில்லாதவரின் இன்ஸ்டாகிராம் பெட்டிக்கும் இதேதான்: ஆப்பில் மேட்ச் ஆனது என்றால் அவரும் உங்களோடு பேசச் சம்மதித்திருக்கிறார், இன்ஸ்டாவில் அந்தச் சம்மதம் இல்லை.

நல்ல கேள்விக்கும் பதில் வராமல் போகும். அவர் ஆப்பைத் திறக்காமல் இருக்கலாம், வேறு ஒருவரோடு பேச ஆரம்பித்திருக்கலாம், உங்களைப் பிடிக்காமலும் இருக்கலாம். மூன்றில் எது என்று வெளியிலிருந்து தெரியாது. “ஹலோ??”, “பதில் சொல்ல மாட்டீங்களா”, ஒற்றைக் கேள்விக்குறி, இவற்றில் எதை அனுப்பினாலும் முதல் மெசேஜில் சேர்த்து வைத்த மரியாதை போய்விடும். ஒரு வாரம் கழித்து நிஜமாகவே சொல்ல ஏதாவது வந்தால், நேற்று மாடியில் வந்து உட்கார்ந்த பறவையின் மங்கலான போட்டோவோ, ஒரு சந்தேகமோ, அதை ஒரே ஒரு முறை அனுப்பலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அடுத்த புரொஃபைலைப் படியுங்கள்.